பிரிக்காத பார்சலுக்குப் பணம்: முதல் முறை வாங்குபவரும் கேஷ் ஆன் டெலிவரியும்

வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டிலிருந்தபடியே ஆரணிப் பட்டுச் சேலைகளை இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் விற்று வருகிறேன். புதிதாக வருகிறவர்கள் சேலையின் விலையைக் கேட்பதற்கு முன்பே, "அக்கா, கேஷ் ஆன் டெலிவரி இருக்கா?" என்று கேட்பார்கள். இருக்கிறது என்று சொன்னதும், "பார்சலைப் பிரிச்சிப் பார்த்துட்டுக் காசு குடுக்கலாமா?" என்பது அடுத்த கேள்வியாக வரும். முதல் கேள்விக்கு ஆம் என்றும், இரண்டாவது கேள்விக்கு இல்லை என்றும்தான் நான் பதில் சொல்ல முடியும். என்னைப் போன்ற சிறு கடைக்காரர்கள் பயன்படுத்தும் கூரியர் சேவைகளில் பணம் கொடுத்த பிறகே பார்சல் கைமாறும். திறந்து காட்டி ஒப்படைக்கும் வசதி பெரிய தளங்களில் சில பொருட்களுக்கு மட்டும் உண்டு. அஞ்சல் துறை 1877ஆம் ஆண்டிலேயே கொண்டுவந்த வி.பி.பி. முறையிலும், பணத்தைக் கட்டிய பிறகுதான் கட்டு கைக்கு வரும்.

அப்படியானால் கேஷ் ஆன் டெலிவரி வாங்குபவரை எதிலிருந்து காப்பாற்றுகிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பணத்தை முன்கூட்டியே அனுப்பிவிட்டுப் பொருளே வராமல் போவதிலிருந்து அது காப்பாற்றுகிறது, அவ்வளவுதான். உள்ளே இருப்பது படத்தில் பார்த்த சேலையா, பட்டுக்குப் பதிலாகப் பாலியெஸ்டரா, நிறம் வேறா, பார்டரில் ஜரிகை அறுந்திருக்கிறதா என்பதெல்லாம் பணம் போன பிறகே தெரியும். அந்த இரண்டாவது அச்சத்துக்குப் பதில் ரிட்டர்ன் ஒன்றே. இதனால்தான் கேஷ் ஆன் டெலிவரியையும் ரிட்டர்னையும் ஒரே வாக்குறுதியின் இரண்டு பாதிகளாக வைத்து, ஒரே செய்தியில் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நான் கருதுகிறேன். "சி.ஓ.டி. உண்டு, ரிட்டர்ன் கிடையாது" என்று எழுதிவைக்கும் கடை, வாங்குபவரைப் பிரிக்காத பெட்டிக்குப் பணம் கொடுக்கச் சொல்லிவிட்டு விலகிக்கொள்கிறது. புதியவர்கள் அதைச் சரியாகவே புரிந்துகொண்டு ஒதுங்குகிறார்கள்.

முதல் பார்சல் எந்த இடத்தில் தவறிப் போகிறது என்று பார்த்தால், அது பெரும்பாலும் வீட்டு வாசலில்தான். ஆர்டர் கொடுத்தவர் ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போயிருப்பார். பார்சல் பகல் பதினொரு மணிக்கு வரும். வீட்டில் மாமியாரோ மாமனாரோ இருப்பார். டெலிவரி செய்பவர், "நாலாயிரத்து இருநூறு ரூபாய் கட்டணும்மா" என்று சொல்லும்போது, ஆர்டர் செய்யாத பார்சலைக் கொண்டுவந்து பணம் வாங்கிப் போகும் மோசடிகளைக் கேள்விப்பட்டிருக்கும் பெரியவர் தயங்குவது இயல்பு. அவர் பார்சல் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்க்கிறார். அதில் கடையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், விற்பவர் கணக்குத் தொடங்கியபோது கொடுத்த வேறொரு பெயர், சில வேளைகளில் கணவருடைய அல்லது அண்ணனுடைய பெயர் அச்சாகியிருக்கும். மருமகளைப் போனில் பிடித்து, "யாரோ ஒரு ஆம்பள பேர்ல பார்சல் வந்திருக்கு" என்று சொன்னால், மருமகளுக்கும் அது எந்தப் பார்சல் என்று விளங்காது. பார்சல் திரும்பிவிடுகிறது. கூரியர் பதிவேட்டில் 'வாடிக்கையாளர் மறுத்துவிட்டார்' என்று ஒரு வரி ஏறும். உண்மையில் வாடிக்கையாளர் எதையும் மறுக்கவில்லை.

ஆகையால் லேபிளில் அச்சாகும் அனுப்புநர் பெயரும், இன்ஸ்டாகிராம் பக்கத்தின் பெயரும், வாட்ஸ்அப்பில் தெரியும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். கூரியர் செயலியில் பிக்கப் முகவரிப் பகுதிக்குப் போய்ப் பெயரை மாற்றிவிட்டு, அடுத்த லேபிளை அச்சிட்டுப் பார்த்தால் இது சரியாகிவிட்டதா என்று தெரிந்துவிடும். லேபிளில் தொகையும் அச்சாகும் என்பதால், பேசிய தொகைக்கும் அதற்கும் ஒரு ரூபாய் வேறுபாடும் இருக்கக் கூடாது. அடுத்ததாக, பார்சல் வருவதற்கு முந்தைய நாள் மாலை நான் ஒரு செய்தி அனுப்புகிறேன். அது வீட்டில் இருக்கும் பெரியவருக்கு அப்படியே படித்துக் காட்டக் கூடியதாக இருக்க வேண்டும் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன்:

"வணக்கம். நீங்கள் கேட்ட மயில்கழுத்து நிற ஆரணிப் பட்டுச் சேலை நாளை வியாழக்கிழமை வீட்டுக்கு வருகிறது. பார்சல் மேல் எங்கள் கடையின் பெயர் இருக்கும். கொடுக்க வேண்டியது 4,200 ரூபாய். அதற்கு மேல் யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். பணம் கொடுத்த பிறகே பிரிக்க முடியும். பிரித்துப் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் ஏழு நாளுக்குள் சொல்லுங்கள். சேலையைத் திரும்ப வாங்கிக்கொண்டு முழுப் பணத்தையும் தருகிறேன், அனுப்பும் செலவு என்னுடையது. நாளை பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், அவர்களுடைய எண் என்ன என்று சொல்ல முடியுமா?"

இந்தச் செய்தியின் கடைசிக் கேள்விதான் அதிகம் வேலை செய்கிறது. அதற்குப் பதில் வந்தால், பணத்தை வீட்டில் கொடுத்துவைக்கும் ஏற்பாடும் அத்துடன் நடந்துவிடுகிறது. பதில் வராவிட்டால் நான் போனில் கூப்பிடுகிறேன். பார்சல் அனுப்புவதற்கு முன்பே முகவரியை உறுதிசெய்யும்போது அஞ்சல் குறியீட்டு எண்ணோடு ஓர் அடையாளத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஊர்ப்பக்கத்தில் கதவு எண்ணைவிடப் பால் சொசைட்டியும் மாரியம்மன் கோயிலும்தான் வழிகாட்டும்.

வாசலில் நடக்கும் இன்னொரு கோளாறும் உண்டு. டெலிவரி செய்பவர் வராமலேயே, 'வீடு பூட்டியிருந்தது' என்று செயலியில் பதிவாகிவிடும். பொதுவாக மூன்று முயற்சிகளுக்குப் பிறகு பார்சல் திரும்பி வந்துவிடும் என்பதால், முதல் பதிவு விழுந்த அன்றே வாடிக்கையாளரை அழைத்து, கூரியரிடமிருந்து அழைப்பு ஏதாவது வந்ததா என்று கேட்கிறேன். வரவில்லை என்றால், அவருடைய மாற்று எண்ணையும் சேர்த்து மறுபடி கொண்டுபோகும்படி அன்றே கூரியருக்குப் பதில் கொடுத்துவிட வேண்டும். வாடிக்கையாளரோ, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்கத் தொடங்கும் நேரம் அது. அந்த அழைப்பு அவரிடமிருந்து வருவதற்குள் நம்மிடமிருந்து போய்விட வேண்டும்.

பார்சல் வாசலிலேயே திரும்பினால் என்ன செலவாகிறது என்று தெரிந்துகொண்டால்தான், முன்பணம் கேட்பதா வேண்டாமா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியும். எனக்கு இருக்கும் கூரியர் திட்டத்தில் அனுப்பும் கட்டணம் 90 ரூபாய். கேஷ் ஆன் டெலிவரிக்குத் தனிக் கட்டணம் தொகையில் 2 சதவீதம். 4,200 ரூபாய்ச் சேலைக்கு அது 84 ரூபாய். பார்சல் மறுக்கப்பட்டுத் திரும்பினால் இந்த 84 ரூபாயை விட்டுவிடுகிறார்கள். ஆனால் போக 90, வர 90, அட்டைப்பெட்டிக்கும் உறைக்கும் 30 என்று 210 ரூபாய் போய்விடும். அந்தச் சேலையில் எனக்கு நிற்பது 600 ரூபாய். மூன்று பார்சல்கள் திரும்பினால் ஒரு விற்பனையின் லாபம் முழுவதும் கரைந்துவிடும். ஆவணியிலோ தையிலோ முகூர்த்த நேரத்தில் சேலை இரண்டு வாரம் வழியிலேயே கிடந்தால், அதை வேறு யாருக்கும் காட்ட முடியாத இழப்பும் சேர்ந்துகொள்ளும்.

இதனால் பல கடைகள் இருநூறு, முந்நூறு ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு மீதியை வாசலில் வாங்குகின்றன. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் முன்பணம் அனுப்பத் தயங்குவதால்தானே அவர் கேஷ் ஆன் டெலிவரி கேட்கிறார்? அவருடைய அச்சத்தை அப்படியே வைத்துக்கொண்டு, தொகையை மட்டும் சிறியதாக்கி அதே காரியத்தைச் செய்யச் சொல்வது நம்பிக்கையை வளர்க்காது. ஆகவே முதல் ஆர்டருக்கு, 5,000 ரூபாய் வரை, நான் முன்பணம் கேட்பதில்லை. அதற்குப் பதிலாக ஒரு முறை போனில் பேசி உறுதிசெய்துகொள்கிறேன். குரலைக் கேட்டுப் பேசியவர்களில் வாசலில் மறுப்பவர்கள் அபூர்வம். குஞ்சம் கட்டுதல், பிளவுஸ் தைத்தல் போன்று அவருக்காகவே செய்யும் வேலை இருந்தால் மட்டும் முன்பணம் வாங்குகிறேன். அப்போதும், வேலை தொடங்குவதற்குமுன் ஆர்டரை ரத்து செய்தால் பணம் திரும்பிவிடும் என்பதை வாங்கும்போதே எழுத்தில் சொல்லிவிடுகிறேன்.

84 ரூபாய்க் கட்டணத்தை வாங்குபவரிடம் தனியாக வாங்குவதா என்ற கேள்வியும் இருக்கிறது. வாங்கலாம், ஆனால் விலை சொல்லும் முதல் செய்தியிலேயே சொல்லிவிட வேண்டும். எல்லாம் பேசி முடித்த பிறகு கடைசியில் ஒரு கட்டணத்தைச் சேர்ப்பதை, மத்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்ட டார்க் பேட்டர்ன் வழிகாட்டுதல்கள் வாங்குபவரை ஏமாற்றும் முறைகளில் ஒன்றாகவே குறிப்பிடுகின்றன. நான் அந்தக் கட்டணத்தை விலைக்குள்ளேயே அடக்கிவிட்டேன்.

வாசலில் மறுத்தவர்களுடைய பெயரையும் எண்ணையும் ஸ்டோரியில் போட்டு, "இவர்களுக்கு அனுப்பாதீர்கள்" என்று எழுதும் பழக்கம் விற்பவர்களிடையே பரவியிருக்கிறது. இதைக் காணும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒருவர் நம்பிக் கொடுத்த முகவரியையும் எண்ணையும் ஊருக்குக் காட்டுவது தவறு. அதோடு, அன்றைக்கு முதல் முறையாக அந்தப் பக்கத்துக்கு வந்து பார்ப்பவர், நாளை தனக்கும் இதே நிலை வரலாம் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

இனி ரிட்டர்னுக்கு வருகிறேன். விதிகளை நாமாக நினைத்தபடி எழுதிக்கொள்ளலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். சட்டம் அதற்கு ஓர் எல்லை வைத்திருக்கிறது. 2020 ஜூலையில் வந்த மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, பொருள் பழுதாக இருந்தாலும், போலியாக இருந்தாலும், விளம்பரத்தில் சொன்ன தன்மை அதில் இல்லாவிட்டாலும், சொன்ன நாளுக்குள் வந்து சேராவிட்டாலும் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. வீட்டிலிருந்து விற்பவராக இருந்தாலும், தொடர்ந்து வியாபாரமாகச் செய்பவருக்கு இது பொருந்தும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னொன்றையும் சொல்கிறது: பழுதான பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள் திரும்ப வாங்க மறுப்பது முறையற்ற வணிகம், பில்லில் காலமே குறிக்காவிட்டால் 30 நாள் என்று கொள்ள வேண்டும். பில் கொடுக்காமல் இருப்பதும் அந்தச் சட்டப்படி முறையற்ற வணிகமே. பார்சலுக்குள் பில் வைத்து, அதன் கீழே ரிட்டர்ன் காலத்தையும் என் தொலைபேசி எண்ணையும் அச்சிட்டு அனுப்புவது புதியவருக்குப் பெரிய தெம்பு. பிடிக்கவில்லை என்ற காரணத்துக்காகத் திரும்ப வாங்குவதைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. அது நான் என் விருப்பத்தில் தருவது என்பதால், அதற்கு ஏழு நாள் என்று நானே வரையறுத்திருக்கிறேன்.

"பார்சல் பிரிக்கும் வீடியோ இல்லாவிட்டால் ரிட்டர்ன் இல்லை" என்ற வரி ஏறக்குறைய எல்லாக் கடைகளிலும் இருக்கிறது. வீடியோ பயனுள்ளது என்பதில் ஐயமில்லை. வழியில் கிழிந்ததற்குக் கூரியரிடம் இழப்பீடு கேட்க அது உதவும். ஆனால் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் டேப்பை அறுப்பதை வயதானவர் ஒருவரிடம் எதிர்பார்க்க முடியாது. வீடியோ இல்லை என்பதற்காக ஒரு பழுதான சேலை நல்ல சேலையாகிவிடாது. வாங்குபவரின் உரிமையும் அதனால் போய்விடாது. அதனால் வீடியோவை வேண்டுகோளாகவே வைத்து, சான்றை என் பக்கம் உருவாக்கிக்கொள்கிறேன். பெட்டியில் வைப்பதற்குமுன் சேலையை முந்தியிலிருந்து உடல்வரை விரித்து ஒரு வீடியோ எடுக்கிறேன். கைத்தறியில் வரும் சிறு நூல் முடிச்சு ஏதாவது இருந்தால் அதைக் கிட்டே காட்டி, வாடிக்கையாளருக்கும் அனுப்பி, சரி என்று பதில் வந்த பிறகே கட்டுகிறேன். சேலையின் உள்மூலையில் ஓர் எண் எழுதிய அட்டையை நூலால் கட்டி, அந்த எண்ணையும் வீடியோவில் காட்டிவிடுகிறேன். சேலை திரும்பி வரும்போது அந்த அட்டை அறுபடாமல், அதே எண்ணோடு இருக்க வேண்டும் என்பதே என் முதன்மையான நிபந்தனை. வேறு சேலையை மாற்றி அனுப்பும் சிலருக்கும் இதுவே தடை.

பட்டில் அதிகம் வரும் முறையீடு நிறத்தைப் பற்றியது. மயில்கழுத்து போன்ற இரட்டை நிறச் சேலையில் பாவு ஒரு நிறமும் ஊடை வேறு நிறமுமாக இருக்கும். வெயிலில் பச்சை தூக்கித் தெரியும் சேலை டியூப்லைட்டின் கீழ் நீலமாகத் தோன்றும். இங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, ஆனாலும் வாங்கியவர் ஏமாந்ததாக உணர்கிறார். ஒரே சேலையைக் காலை வெயிலில் ஒரு முறையும், இரவு விளக்கில் ஒரு முறையும் ஃபில்டர் இல்லாமல் எடுத்து இரண்டையும் சேர்த்து அனுப்பத் தொடங்கினால், இந்த முறையீடு வெகுவாகக் குறைந்துவிடும்.

அப்படி இரண்டு வெளிச்சத்திலும் காட்டிய பிறகும் ஒரு சேலை திரும்பி வந்தது. குடியாத்தத்தை அடுத்த கிராமத்திலிருந்து ஓர் ஆசிரியை, மேலே சொன்ன 4,200 ரூபாய்ச் சேலையை வாங்கினார். வியாழக்கிழமை அவருடைய மாமியார் பணம் கொடுத்துப் பார்சலை வாங்கிக்கொண்டார். அன்று இரவு, "அக்கா, பச்சை நிறைய இருக்கும்னு நினைச்சேன், இது நீலமா இருக்கு, திருப்பி அனுப்பிடலாமா?" என்று செய்தி வந்தது. நான் காரணத்தை விவாதிக்கவில்லை. அட்டையோடு சேலையின் படம் ஒன்றை மட்டும் கேட்டேன். என் கூரியர் திட்டத்தில் அந்தக் கிராமத்திலிருந்து ரிட்டர்ன் எடுக்கும் வசதி இல்லை. அது எல்லா அஞ்சல் குறியீட்டு எண்களுக்கும் கிடைப்பதில்லை. அதனால் உள்ளூர் அஞ்சலகத்திலிருந்து அனுப்பச் சொல்லி, ரசீதைப் படம் எடுத்து அனுப்பும்படி கேட்டுக்கொண்டேன். திங்கட்கிழமை சேலை வந்தது. அட்டை எண், மடிப்பு, மஞ்சள் கறையோ வாசனையோ இருக்கிறதா என்பதைப் பார்த்து முடித்து, அன்று மாலையே 4,200 ரூபாயையும் தபால் செலவு 100 ரூபாயையும் அவருக்கு அனுப்பினேன். எனக்கு ஆன செலவு: அனுப்பிய 90, கேஷ் ஆன் டெலிவரிக் கட்டணம் 84, தபால் 100, பெட்டி 30, ஆக 304 ரூபாய். பார்சல் ஒப்படைக்கப்பட்டுவிட்டதால் அந்த 84 திரும்பாது. ஒரு சேலையின் லாபத்தில் பாதி. அவர் அதற்குப் பிறகு என்னிடம் வாங்கவில்லை; அந்த 304 ரூபாயை வியாபாரச் செலவாகவே எழுதிக்கொண்டேன்.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது நாட்களின் வரிசை. வியாழக்கிழமை மாமியார் கொடுத்த பணம் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைதான் கூரியரிடமிருந்து என் கணக்குக்கு வந்தது. அதாவது என் கைக்கு வராத பணத்தை நான்கு நாள் முன்னதாகவே திருப்பிக் கொடுத்தேன். பல கடைகள் ரிட்டர்ன் பணத்தை இழுத்தடிப்பது கெட்ட எண்ணத்தால் மட்டுமல்ல. கையில் பணம் இருப்பதில்லை. இதற்காகவே இரண்டு சேலைகளின் விலை, சுமார் 8,500 ரூபாயை, வேறு கணக்கில் தொடாமல் வைத்திருக்கிறேன். அதில் பணம் குறைந்தால், அது நிரம்பும்வரை புதிய கேஷ் ஆன் டெலிவரி ஆர்டரை ஏற்பதில்லை.

வாசலில் ரொக்கமாகக் கொடுத்த பணம் ரொக்கமாகத் திரும்பாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். டெலிவரி செய்பவர் பணத்தைத் திருப்பித் தர மாட்டார்; யுபிஐ வழியாகவோ வங்கிக் கணக்குக்கோதான் அனுப்ப முடியும். இந்த இடத்தில்தான் மோசடிக்காரர்கள் நுழைகிறார்கள். கடையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "ரீஃபண்ட் வருது, இந்தக் கியூ.ஆரை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க" என்பார்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் தேவையே இல்லை, அனுப்புவதற்குத்தான் தேவை என்பதை ரிட்டர்னை ஒப்புக்கொள்ளும் செய்தியிலேயே எழுதிவிடுகிறேன். அவருடைய யுபிஐ முகவரியை மட்டும் கேட்டு, திரையில் தெரியும் பெயரை அவரிடம் சொல்லி உறுதிசெய்துகொண்ட பிறகு அனுப்புகிறேன். அனுப்பியதும் பரிவர்த்தனை எண்ணைத் தருகிறேன். அவருடைய வங்கியில் தாமதமானால் அந்த எண்ணை வைத்துத்தான் விசாரிக்க முடியும்.

திரும்ப வாங்க முடியாதவையும் இருக்கின்றன. ஃபால்ஸ் தைத்த சேலை, பிளவுஸ் துணியை வெட்டிய சேலை, அட்டை அறுத்த சேலை ஆகியவற்றைப் பிடிக்கவில்லை என்ற காரணத்துக்காக நான் வாங்குவதில்லை. நெசவில் பழுது என்றால் அவற்றையும் வாங்கிக்கொள்கிறேன். ஜவ்வாது மலைப்பக்கம் சில ஊர்களுக்குப் பார்சல் போகும், ஆனால் கேஷ் ஆன் டெலிவரி இருக்காது. அங்கிருந்து கேட்பவர்களிடம் முன்பணம் அனுப்பச் சொல்லி வற்புறுத்துவதில்லை. அவர்கள் வேலூருக்கோ ஆரணிக்கோ வருகிற நாளைச் சொன்னால், சேலையைத் தனியாக எடுத்துவைத்து, கையில் கொடுத்து, பிரித்துப் பார்க்கச் சொல்லிப் பணம் வாங்கிக்கொள்கிறேன்.